டிபன் கடை பற்றி உங்களுக்கு எழுதும் கடிதம்

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கு அனைவரும் நலம். நிலையான சம்பளத்தை விட்டுவிட்டு இட்லி விற்கப் போகிறாயா என்று தொலைபேசியில் கேட்டீர்கள். அத்தை பக்கத்தில் இருந்ததால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை.

வங்கி எழுத்தர் வேலையில் இதற்கு மேல் உயர வேண்டுமானால் அதிகாரி தேர்வு எழுத வேண்டும். எழுதித் தேறினால் வெளியூர் மாற்றல் வரும். நீங்கள் ஏற்கெனவே ஓர் ஊரில் இருக்கையில் நானும் வேறோர் ஊருக்குப் போவதில் எனக்கு விருப்பமில்லை. வீட்டிலிருந்தே வளர்க்கக்கூடிய ஒரு வருமானம் வேண்டும் என்பதுதான் என் காரணம். சமையல் ஆசை அதற்குப் பிறகுதான்.

கடன் பிரிவில் இருந்த நாட்களில் சிறிய உணவுக் கடைகளின் கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். அவை சுவை குறைந்து மூடப்பட்டதாக எனக்கு நினைவில்லை. மிஞ்சிய பண்டமும் வராத பாக்கியும்தான் அவற்றைக் கவிழ்த்தன. நான் போட்ட கணக்கைப் பாருங்கள். இருபது காலை டிபன் பொட்டலங்கள், ஒன்று 50 ரூபாய். மளிகை, எரிவாயு, பொட்டலம், கொண்டு போய்க் கொடுக்கும் கூலி எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 35 ரூபாய் ஆகிறது. இருபதும் விற்றால் 300 ரூபாய் நிற்கும். ஐந்து மிஞ்சினால், சமைத்த செலவு 700 அப்படியே இருக்க, வரவு 750 ஆகிவிடும். கையில் நிற்பது வெறும் 50. ஆகவே வழியில் போகிறவர்களை நம்பாமல், மாதப் பணத்தை முன்னதாகக் கட்டுகிறவர்களுக்கு மட்டும், முந்தைய மாலை எண்ணிக்கை தெரிந்த பிறகே மாவை எடுக்கப் போகிறேன்.

மாதம் 26 நாள் நடத்தினாலும் இது 7,800 ரூபாய்தான். என் சம்பளத்துக்கு அருகில்கூட வராது என்பதை மறைக்கவில்லை. அறுபது பொட்டலம் வரை போனால்தான் வேலையை விடுவதைப் பற்றிப் பேசலாம். அதற்கு ஓர் உதவியாளும் பெரிய கிரைண்டரும் வேண்டும், அப்போது 35 ரூபாய்க் கணக்கும் மாறும்.

உங்கள் பெயரில் நடத்தலாமே என்றீர்கள். வங்கியின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி ஊழியர் வியாபாரம் செய்வது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றம். பெயர் உங்களுடையதாக இருந்தாலும் கரண்டி என் கையில்தானே இருக்கும்? அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன், உங்கள் சம்மதம் கிடைத்ததும் மேலாளரிடம் கொடுப்பேன். வங்கியின் அனுமதி கிடைத்த பிறகே உணவுப் பாதுகாப்புப் பதிவும், 19 கிலோ வணிக சிலிண்டரும். வீட்டு சிலிண்டரை வியாபாரத்துக்கு எரிக்கக் கூடாது என்பதால் எரிவாயுச் செலவை வணிக விலையிலேயே போட்டிருக்கிறேன்.

அடுத்த முறை வரும்போது உங்கள் அறையில் சும்மா கிடக்கும் சின்னத் தராசை எடுத்து வாருங்கள். அரிசியையும் உளுந்தையும் கைக்கணக்கில் போட்டுவிட்டு 35 ரூபாய் என்று எழுதியிருக்கிறேன்; அதை ஒருமுறை எடைபோட்டுச் சரிபார்க்க வேண்டும்.

உங்கள் அன்பு மனைவி