24 நாள் அசையாத 3.8 டிகிரி: உங்கள் டாஷ்போர்டு குறித்த புகார்

அனுப்புநர்:
மேலாளர்,
புளிக் குளிர்பதனக் கிடங்கு,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர்,
வெப்பநிலைக் கண்காணிப்புச் சேவை நிறுவனம்.

நாள்: 11.06.2025

பொருள்: மே 9 முதல் ஜூன் 2 வரை எங்கள் நான்கு அறைகளுக்கும் பழைய வெப்பநிலையையே புதிய அளவீடு போலக் காட்டியதும், அதனால் மூன்றாம் அறைச் சரக்கு கெட்டதும்.

ஐயா,

இதே விஷயமாக மூன்று முறை போனில் பேசிவிட்டேன். மூன்று முறையும் “சர்வர் ஒரு நிமிஷம்கூட நிக்கலை சார்” என்ற பதில்தான் வந்தது. சர்வர் நின்றது என்று நான் சொல்லவே இல்லை. நடந்ததை முழுசாக எழுத்தில் வைத்தால் யாராவது ஒருவர் உட்கார்ந்து படிப்பார்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

எங்கள் கிடங்கில் நான்கு அறைகள். மாசியில் இருந்து சித்திரை வரை வரும் புதுப்புளியை ஓடு நீக்கி, கொட்டை எடுத்து, மூட்டையாக வியாபாரிகள் கொண்டுவந்து வைப்பார்கள். 4 டிகிரியை ஒட்டி வைத்திருந்தால் அந்தச் செம்பழுப்பு நிறம் மாதக்கணக்கில் நிற்கும். வெளியில் கிடந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்து, நீர்த்து, பழம்புளி விலைக்கு இறங்கிவிடும். எங்களிடம் வாடகை கொடுத்து வைப்பதே அந்த நிறத்துக்காகத்தான்.

போன டிசம்பரில் உங்கள் ஆட்கள் வந்து சென்சார் பொருத்தினார்கள். அதுவரை ஒவ்வொரு அறைக் கதவுக்குப் பக்கத்திலும் ஒரு டயல் தெர்மாமீட்டர் இருந்தது. மிஷின் ரூம் ஆபரேட்டர் ஒரு நாளைக்கு நான்கு முறை அதைப் பார்த்து நோட்டில் எழுதுவார். உங்கள் ஆட்கள் அந்த டயலைக் கழற்றிவிட்டு, அதே துளை வழியாகத்தான் சென்சார் ஒயரை உள்ளே விட்டார்கள். புதிதாகத் துளை போட்டால் குளிர் கசியும் என்று அவர்கள் சொன்ன காரணம் நியாயமாகவே இருந்தது. “இனிமே நோட்டு எதுக்கு சார், எல்லாம் போன்லயே வந்துடும்” என்றும் சொன்னார்கள். ஜனவரியில் நோட்டு எழுதுவதை நிறுத்தச் சொன்னவன் நான். அந்தப் பொறுப்பை யார் தலையிலும் வைக்க நான் வரவில்லை.

அதற்குப் பிறகு தினமும் காலை 6 மணிக்கு என் முதல் வேலை உங்கள் டாஷ்போர்டைத் திறப்பதுதான். நான்கு பச்சைக் கட்டங்கள், நான்கு எண்கள். மேலே வலது மூலையில் நொடி முள்ளோடு ஓடும் கடிகாரம். அந்தக் கடிகாரம் ஓடுவதைப் பார்த்துத்தான் கீழே உள்ள எண்களும் இந்த நொடியின் எண்கள் என்று நம்பினேன். அது என் போனில் இருக்கும் நேரம், அளவீட்டின் நேரம் இல்லை என்று உங்கள் பொறியாளர் ஜூன் 3-ஆம் தேதி வந்து சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது.

மே 17-ஆம் தேதி கரண்ட் ஐந்து மணி நேரம் இல்லை. எங்கள் ஜெனரேட்டரில் விளக்கும் விசிறியும்தான் ஓடும், கம்ப்ரஸர் ஓடாது. அன்று மாலை டாஷ்போர்டைப் பார்த்தேன். மூன்றாம் அறை 3.8. ஒரு புள்ளிகூட ஏறவில்லை. அறையின் பஃப் பேனல் அவ்வளவு நன்றாகக் குளிரைப் பிடித்து நிற்கிறது என்று நினைத்து முதலாளிக்குப் போன் போட்டுச் சந்தோஷமாகச் சொன்னேன். ஐந்து மணி நேரம் கம்ப்ரஸர் ஓடாத அறையில் எண் அசையாமல் நிற்காது. அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அந்த ஒரு மாலை இன்னும் என்னைத் தூங்க விடவில்லை.

ஜூன் 2, காலை பத்தரை மணி. ஏப்ரல் கடைசியில் நிரப்பி மூடிய மூன்றாம் அறையிலிருந்து 40 மூட்டை எடுக்க ஒரு வியாபாரி வண்டியோடு வந்தார். கதவைத் தள்ளியதும் முகத்தில் வந்து அடிக்கும் அந்தக் குளிர் இல்லை. விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன, ஆனால் வந்தது நம் வீட்டு அறைக் காற்று. புளிப்பு வாடை மட்டும் தூக்கலாக இருந்தது. “என்னங்க மேனேஜரே, உள்ள சில்லுனே இல்லையே” என்றார் அவர். நான் பதில் சொல்லாமல் போனைத் திறந்தேன். 3.8, பச்சை. பழைய டயல் ஒன்றை ஸ்டோரில் தேடி எடுத்து வந்து மூட்டைகளுக்கு நடுவில் செருகினேன். முள் 19-இல் போய் நின்றது. மேல் வரிசை மூட்டை ஒன்றைப் பிரித்தபோது புளி விரலில் பாகு மாதிரி ஒட்டிக்கொண்டது. வைத்தபோது எடுத்திருந்த மாதிரிப் பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நிறத்தில் இரண்டு படி வித்தியாசம்.

மூன்றாம் அறைக்கு மட்டும் குளிர் ஏன் போகவில்லை என்பதை எங்கள் மெக்கானிக் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தார். அந்த அறைக்கு மட்டும் குளிரூட்டும் திரவத்தைத் திறந்துவிடும் சொலினாய்டு வால்வின் காயில் எரிந்துபோயிருந்தது. வால்வு மூடியே கிடந்தது. மற்ற மூன்று அறைகளும் ஒழுங்காகக் குளிர்ந்ததால் மிஷின் ரூமில் பிரஷர் கேஜ்கள் வழக்கமான இடத்திலேயே நின்றன. ஆபரேட்டருக்குச் சந்தேகம் வர வழியே இல்லை. காயில் எரிந்தது எங்கள் பிரச்சினை. அதற்கு உங்களைக் கேட்கவில்லை. ஆனால் அப்படி ஒன்று எரிந்தால் எங்களை எழுப்புவதற்காகத்தான் மாதாமாதம் உங்களுக்குப் பணம் கட்டுகிறோம்.

உங்கள் பொறியாளர் வந்து பார்த்ததையும் எழுதிவிடுகிறேன். அவர் மறைக்காமல் சொன்னார், அதற்கு அவருக்கு நன்றி. நான்கு சென்சாரும் ஒரே ஆர்எஸ்-485 கேபிளில் உங்கள் கேட்வே பெட்டிக்கு வருகின்றன. பெட்டியின் டெர்மினலில் ஒரு ஒயர் கழன்று வெளியே நின்றது. மே 9 மாலை 4:10-க்குப் பிறகு எந்தச் சென்சாரும் பெட்டிக்குப் பதில் சொல்லவில்லை. பெட்டி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டிருக்கிறது, பதில் வரவில்லை. அப்படி வராதபோது என்ன செய்ய வேண்டும் என்று பெட்டியில் ஒரு செட்டிங் இருக்கிறது. அது “கடைசி மதிப்பையே வைத்துக்கொள்” என்பதில் இருந்தது. அதனால் பெட்டி 4:10-க்கு வந்த 3.8-ஐயே எடுத்து, ஒவ்வொரு முறையும் அந்த நேரத்து முத்திரையைப் புதிதாகக் குத்தி உங்கள் சர்வருக்கு அனுப்பியிருக்கிறது.

இங்கேதான் உங்கள் ஆட்கள் போனில் திரும்பத் திரும்பத் தவறுகிறார்கள். “டிவைஸ் ஆன்லைன்ல இருக்கு, டேட்டா வந்துக்கிட்டேதான் இருக்கு” என்கிறார்கள். ஆமாம், வந்துகொண்டுதான் இருந்தது. பெட்டிக்குக் கரண்ட் இருந்தது, சிம்மில் நெட் இருந்தது. பெட்டி முற்றிலும் செத்திருந்தால் கட்டம் சாம்பல் நிறமாகி எனக்கு மெசேஜ் வந்திருக்கும். பெட்டி உயிரோடு இருந்து சென்சார் செத்ததால் எதுவுமே வரவில்லை. உங்கள் எச்சரிக்கை 8 டிகிரியைத் தாண்டினால் அடிக்கும். 3.8 எப்போது 8-ஐத் தாண்டும்?

நடந்த பிறகு அந்த நாட்களுக்கான ரிப்போர்ட்டை இறக்கிப் பார்த்தேன். மூன்றாம் அறைக்கு 6,800-க்கும் மேற்பட்ட வரிகள். எல்லா வரியிலும் 3.8. மற்ற அறைகளிலும் அப்படியே, 4.1, 3.9, 4.0 என்று ஆணி அடித்த மாதிரி. ஏப்ரல் மாத ரிப்போர்ட்டில் இப்படி இல்லை. கம்ப்ரஸர் ஓடும்போது கோடு இறங்கும், நிற்கும்போது ஏறும், பனி கரைக்கும் நேரத்தில் ஒரு டிகிரிக்கு மேல் எகிறும். ஓடுகிற அறையின் கோடு ரம்பப் பல் மாதிரிதான் இருக்கும். அறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆறு மணி நேரத்துக்குள் ஒரு புள்ளியாவது அசைந்தே தீரும், ஏனென்றால் அதற்குள் ஒரு முறையாவது பனி கரைப்பு வந்துவிடும்.

என் மகள் டேட்டாபேஸ் வேலையில் இருக்கிறாள். ரிப்போர்ட்டைக் காட்டியபோது அவள் இதை எழுதிக் கொடுத்தாள்:

```
SELECT chamber, MAX(temp) - MIN(temp) AS spread
FROM readings
WHERE ts > now() - interval '6 hours'
GROUP BY chamber;
```

`spread` பூஜ்யம் என்று வந்தால் அந்தச் சென்சாரை நம்பாதே என்று அர்த்தம். இந்த நான்கு வரி உங்கள் சர்வரில் ஓடியிருந்தால் மே 9 இரவு பத்தரை மணிக்குள் என் போன் அடித்திருக்கும். கடைசியாகத் தகவல் வந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று மட்டும் பார்த்திருந்தால்கூட இது பிடிபட்டிருக்காது, நேர முத்திரையே பொய் என்பதால். அதனால்தான் பெட்டியிலேயே இதைச் சரிசெய்ய வேண்டும் என்று கேட்கிறேன். சென்சார் பதில் சொல்லாவிட்டால் பெட்டி “பதில் இல்லை” என்றே அனுப்ப வேண்டும். சென்சார் நிஜமாகப் பதில் சொன்ன நேரம்தான் திரையில் ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே வர வேண்டும். அந்தக் கடிகாரத்தைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

நஷ்டத்துக்கு வருகிறேன். 18 டன் சரக்குக்குக் கிலோவுக்கு 9 ரூபாய் குறைத்துத்தான் வியாபாரிகள் ஒப்புக்கொண்டார்கள். 1,62,000 ரூபாயை எங்கள் கிடங்கு அவர்களுக்குக் கொடுத்துவிட்டது. மீதி மூட்டைகளை இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. பணத்தைவிட எனக்குக் கஷ்டமானது, வால்வு எந்த நாளில் போனது என்று யாருக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. மே 10-ஆ, 20-ஆ? சரக்கு எத்தனை நாள் சூட்டில் கிடந்தது என்று வியாபாரிகள் கேட்கிறார்கள். இன்ஷூரன்ஸ் ஆளும் அதையேதான் கேட்கிறார். நீங்கள் தரும் ரிப்போர்ட்டோ கடைசி நாள் வரை 3.8 என்று எழுதி, அறை நன்றாகத்தான் இருந்தது என்று எங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. அந்த 24 நாள் அளவீடுகள் உண்மையானவை அல்ல என்று உங்கள் லெட்டர்ஹெட்டில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுங்கள். இது எனக்கு முதலில் வேண்டும்.

அப்புறம், 1,62,000 ரூபாயில் உங்கள் பங்கு என்ன என்று சொல்லுங்கள். ஒயர் எப்படிக் கழன்றது என்பதில் எங்கள் எலக்ட்ரீஷியனின் கை இருக்கலாம், அந்தப் பேனலில் அவர் வேலை செய்ததுண்டு. அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பேசத் தயாராக இருக்கிறோம். ஆனால் மாதக் கட்டணத்தில் தள்ளுபடி என்று போனில் சொன்னதை ஏற்க முடியாது.

இதே பெட்டி, இதே செட்டிங்கோடு வேறு எத்தனை இடத்தில் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. மருந்தும் தடுப்பூசியும் வைக்கும் இடங்களுக்கும் போட்டிருப்பதாக உங்கள் ஆட்களே டிசம்பரில் சொன்னார்கள். அவர்களுக்கு இன்றைக்கே போன் செய்யுங்கள். எங்கள் விவகாரம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். புளி கெட்டால் நிறத்திலும் வாடையிலும் காட்டிக்கொடுத்துவிடும், தடுப்பூசி மருந்து அப்படிக் காட்டாது.

நான்கு கதவுகளுக்குப் பக்கத்திலும் டயல் திரும்ப ஏறிவிட்டது. புதுத் துளை போட்டு, சுற்றி ஃபோம் அடித்திருக்கிறோம். ஆபரேட்டர் நான்கு வேளையும் நோட்டில் எழுதுகிறார், நான் காலையில் அதையும் உங்கள் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஏப்ரல், மே மாத ரிப்போர்ட்டுகளும், கழன்ற ஒயரின் போட்டோவும், ஜூன் 2-இல் டயலை எடுத்த போட்டோவும் இத்துடன் இணைத்திருக்கிறேன். 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு இதே காகிதங்களோடு போவோம் என்று முதலாளி சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
மேலாளர்