பதினான்கு மணி நேரமும் பகுதி நேரந்தானா?

மதிப்பிற்குரிய அரசுச் செயலாளர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம். ஓர் ஆய்வு மாளிகையின் இரவுக் காவலருக்குப் போன மாதம் உங்கள் துறைகளில் ஒன்றிலிருந்து குறிப்பாணை வந்தது. நீண்ட காலம் தினக்கூலியாகப் பணிபுரிந்ததாலேயே பணிவரன்முறை கோர உரிமை இல்லை என்பதால் மனு நிராகரிக்கப்படுகிறது என்று ஒரே பத்தி. வேறொரு துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த நடை எனக்குப் பழக்கமானதுதான். அவர் அதை என்னிடம் கொண்டுவந்து, "சார், இதுல எனக்கு என்ன இல்லைன்னு போட்டிருக்காங்க?" என்று கேட்டார். அதற்குப் பதில் அந்தத் தாளில் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குறிப்பாணை சொல்லும் சட்டத்தோடு எனக்குச் சண்டையே இல்லை. உமாதேவி வழக்கில் 2006 ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது அதுதான். அரசு வேலை என்பது எல்லோருக்கும் அறிவித்து, எல்லோரையும் போட்டியிட விட்டுக் கொடுக்க வேண்டியது. ஓர் அதிகாரி தெரிந்தவரைத் தினக்கூலியாக உள்ளே விட்டு, பத்து வருஷம் கழித்து நிரந்தரம் செய்தால், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவை வருஷக்கணக்காகப் புதுப்பித்துக்கொண்டு காத்திருப்பவன் என்ன ஆவான்? அவனுக்கும் சமத்துவமும் அரசு வேலையில் சம வாய்ப்பும் தரும் அரசியல் சாசனத்தின் 14, 16ஆம் பிரிவுகள் உண்டு. தற்காலிகம் என்று தெரிந்தே சேர்ந்தவர், வருஷம் ஓடிவிட்டது என்பதை மட்டும் காட்டி நிரந்தரம் கேட்க முடியாது. நீதிமன்றத் தடையாணையை வைத்துக்கொண்டு ஓட்டிய வருஷங்களும் கணக்கில் சேராது. சரி, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதே தீர்ப்பின் 53ஆம் பத்தியையும் நீங்கள் படித்திருப்பீர்கள். அனுமதிக்கப்பட்ட காலிப் பணியிடத்தில், உரிய தகுதியோடு, நீதிமன்ற உத்தரவின் தயவில்லாமல் பத்தாண்டு பணிபுரிந்தவர்களை ஒரே ஒரு தடவை கணக்கெடுத்துப் பணிவரன்முறை செய்யுங்கள், ஆறு மாதத்துக்குள் அந்த வேலையைத் தொடங்குங்கள் என்கிறது அது. பணியிடமே இல்லாமல், அல்லது தகுதியே இல்லாமல் நுழைந்தவரின் நியமனம் சட்டவிரோதம். அதைச் சரிசெய்ய வழியில்லை. இடமும் தகுதியும் இருந்து, தேர்வு நடைமுறையில் மட்டும் குறை இருந்தால் அது ஒழுங்கற்ற நியமனம், அதைச் சரிசெய்யலாம். அந்தக் கணக்கெடுப்பை நடத்தாமலே காலம் கடத்திய துறைகளைப் பற்றியும் 2010இல் கேசரி வழக்கில் அதே நீதிமன்றம் பேசியது. ஆறு மாதம் தாண்டிவிட்டது என்பதால் தகுதியுள்ள பணியாளர் தன் உரிமையை இழந்துவிட மாட்டார், அவர்கள் எல்லோரையும் பரிசீலித்தால்தான் அந்த வேலை முடிந்ததாகும் என்றது.

நம் மாநிலத்தில் உமாதேவி தீர்ப்புக்குச் சில வாரம் முன்பே, 2006 பிப்ரவரி 28 அன்று, அரசாணை எண் 22 வந்துவிட்டது. 1.1.2006 அன்று பத்தாண்டு முடித்த தினக்கூலிப் பணியாளரைப் பணிவரன்முறை செய்யலாம் என்றது. 2013இல் வந்த அரசாணை எண் 74, இது வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாக முழு நேரப் பணிக்கு வந்தவர்களுக்கு மட்டுமே, பகுதி நேரத்தாருக்கு இல்லை என்று விளக்கியது. பகுதி நேரத்தார் பணிவரன்முறை கோர முடியாது என்று 2014இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆக, எத்தனை வருஷம் என்பது கேள்விகளில் ஒன்றுதான். பணியிடம் இருந்ததா, தகுதி இருந்ததா, எந்த வழியில் வந்தார், முழு நேரமா என்பதையும் பார்க்க வேண்டும். குறிப்பாணை வருஷத்தை மட்டும் பேசிவிட்டு மற்றதைத் தொடவே இல்லை.

நம் காவலர் 1993இல் வந்தவர். வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பிய பட்டியலில் பெயர் இருந்தது, நேர்காணலுக்கு அழைத்த கடிதத்தை லேமினேட் செய்து வைத்திருக்கிறார். நிரந்தரக் காவலர் ஓய்வு பெற்று அந்த இடம் காலியாகக் கிடந்தது. 1.1.2006 அன்று அவருக்குப் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. பிறகு எங்கே இடறுகிறது என்றால், நடுவில் சுமார் இரண்டு வருஷம் தினக்கூலிக்கு நிதி ஒதுக்கீடு வரவில்லை. அலுவலகம் என்ன செய்தது? சில்லறைச் செலவினத்தில் "பகுதி நேரப் பெருக்குபவர்" என்று வவுச்சர் போட்டு அவருக்குச் சம்பளம் கொடுத்தது. அப்போதைக்கு அது உதவிதான், அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. இன்று அந்த இரண்டு வார்த்தை அவருடைய கோப்பின் மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுக்கிறது.

அந்த இரண்டு வருஷத்திலும் அவர் மாலை ஆறு மணிக்குச் சாவி வாங்கி, காலை எட்டு மணிக்குத் திருப்பிக் கொடுத்தார். பதினான்கு மணி நேரம் பகுதி நேரம் என்றால், முழு நேரம் என்பதற்கு ஒரு நாளில் மணி போதுமா என்று தெரியவில்லை.

இதை நிரூபிக்க, தினக்கூலிப் பணியாளரின் வருகைப் பதிவான மஸ்டர் ரோல் வேண்டும். பிரிவில் கேட்டதற்கு, "அண்ணே, பழைய ரோல் எல்லாம் வைக்கிற காலம் முடிஞ்சு அழிச்சாச்சு. உங்ககிட்ட ஏதாவது இருந்தா கொண்டாங்க" என்றார்களாம். கையெழுத்துப் போட்டவர் அவர், ரோலை வைத்திருந்தது அலுவலகம், ஆதாரம் தர வேண்டியது மட்டும் அவர். நல்லவேளை, சாவிப் பதிவேட்டை யாரும் அழிக்கவில்லை. மாளிகையின் பழைய அலமாரியில், கரையான் தொட்ட அட்டையோடு, மாலைக்கு ஒன்று காலைக்கு ஒன்று என்று அவருடைய கையெழுத்து ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. காலிப் பணியிடத்துக்கும் ஆதாரம் உண்டு. ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்துக்காக அலுவலகம் அனுப்பும் பணியிடப் பட்டியலில் "காவலர் - 1 - காலி" என்று இருக்கும். இவற்றில் ஒன்றைக்கூடப் புரட்டாமல் அந்த ஒரு பத்தியை எழுதியிருக்கிறார்கள்.

நான் கேட்பது வருஷத்துக்குக் கூலி இல்லை. இருக்கிற பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து முடிவு சொல்லுங்கள் என்பதுதான். பணியிடம் இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள், தகுதி இல்லை என்றால் எந்தத் தகுதி என்று எழுதுங்கள். அவர் தோற்றாலும் எதில் தோற்றார் என்பது தெரியட்டும்.

உமாதேவி தீர்ப்பு காலியிடங்களை முறையாக அறிவித்து நிரப்பவும் சொன்னது. அந்தப் பகுதியை மேற்கோள் காட்டும் குறிப்பாணை எதையும் நான் பார்த்ததில்லை. பணியிடத்தை நிரப்புவதும் இல்லை, இருப்பவரை நிரந்தரம் செய்வதும் இல்லை, அப்புறம் ஒருநாள் அந்தப் பணியிடத்தையே ரத்து செய்துவிட்டு ஏஜென்சிக்காரரிடம் ஒப்படைப்பது என்றால், பின்வாசல் நியமனத்தைப் பற்றிய இந்தக் கவலையெல்லாம் யாருக்காக? 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், மத்திய நீர் ஆணையத்தில் பல்லாண்டு வேலை பார்த்து நீக்கப்பட்ட துப்புரவாளர்களையும் தோட்டக்காரரையும் பணிவரன்முறை செய்யச் சொன்ன உச்ச நீதிமன்றம், நியாயமான கோரிக்கைகளைத் தட்டிக்கழிக்க உமாதேவி தீர்ப்பைக் கருவியாக்கக் கூடாது என்று கண்டித்தது. அதுவும் வருஷத்தை மட்டும் பார்த்துச் சொன்னதல்ல. வேலை நிரந்தரமானது, நியமனம் சட்டவிரோதமல்ல என்பதையும் பார்த்துத்தான் சொன்னது.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இவ்வளவுதான். 1.1.2006 அன்று பத்தாண்டு முடித்து, இன்னும் தினக்கூலியிலேயே இருப்பவர்களின் பட்டியலை ஒவ்வொரு துறையும் எடுக்கட்டும். அலுவலகத்தில் இருக்கும் பதிவேடுகளைப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் காரணத்தோடு தனி ஆணை கொடுக்கட்டும். மஸ்டர் ரோல் இல்லாத இடத்தில் சாவிப் பதிவேடு, பணியிடப் பட்டியல் போன்றவற்றை ஆதாரமாக ஏற்கும்படி ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். காவலருக்கு இப்போது 58 வயது. 60க்குப் பிறகு வரும் ஆணையை வைத்து அவர் எதுவும் செய்ய முடியாது. ஆகவே அவருடைய மறுபரிசீலனை மனுவை இந்த நிதியாண்டுக்குள் எடுத்துக்கொள்ளும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மனுவின் நகலும், சாவிப் பதிவேட்டின் பக்கங்களும் உரிய அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் போய்விட்டன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர் ஒருவர்