சொசைட்டி கடனை இரண்டு முறை கழிக்காதீர்கள்

மதுரை வட்டாரத்தில் வீட்டுக்கடன் தகுதித் தாள் போடும் வங்கி அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். போன மாதம் என் தம்பி மகன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு திருநகருக்கு வந்தான். திருமங்கலம் பக்கம் வாங்கிப் போட்ட மனையில் வீடு கட்ட 20 லட்சம் கேட்டிருக்கிறான். "பதினஞ்சரைக்கு மேல வராதுங்கிறாங்க பெரியப்பா" என்றான். ஏன் வராது என்று யாரும் சொல்லவில்லை. கேட்டதற்கு, எஃப்.ஓ.ஐ.ஆர். இடிக்கிறது என்று மட்டும் பதில் வந்ததாம்.

எஃப்.ஓ.ஐ.ஆர். என்பது மாதா மாதம் கட்டியே ஆகவேண்டிய தவணைகள் வருமானத்தில் எத்தனை சதவீதம் என்ற விகிதம். அந்தக் கிளை இவனுக்கு வைத்த வரம்பு 50 சதவீதம். வரம்பில் எனக்குச் சண்டை இல்லை. அதை எந்த வருமானத்தின் மேல் போட்டார்கள் என்பதில்தான் சண்டை.

அவனுக்கு மொத்தச் சம்பளம் 64,000 ரூபாய். பி.எஃப். முதலான கட்டாயப் பிடித்தம் 6,000. சொசைட்டி கடன் தவணை 8,000, அதுவும் சம்பளத்திலேயே பிடித்தம். கையில் வருவது 50,000. இது போக பைக் தவணை 3,000, வங்கிக் கணக்கிலிருந்து போகிறது. உங்கள் தாளில் 50,000-த்தில் பாதி 25,000 என்று போட்டு, அதில் சொசைட்டி 8,000, பைக் 3,000 இரண்டையும் கழித்து, அனுமதிக்கும் இ.எம்.ஐ. 14,000 என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த 8,000 ஏற்கெனவே போய்விட்டதே! அது போன பிறகு மிஞ்சியதுதான் 50,000. அதைக் கடமைப் பத்தியில் இன்னொரு தடவை கழிப்பதென்றால், முதலில் வருமானத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 58,000-த்தில் பாதி 29,000. அதில் 11,000 போனால் 18,000. ஒன்பது சதவீத வட்டி, இருபது வருடம் என்றால் லட்சத்துக்குச் சுமார் 900 ரூபாய் தவணை. ஆக 14,000-த்துக்குப் பதினைந்தரை லட்சம், 18,000-த்துக்கு 20 லட்சம். பையன் கேட்டதே அவ்வளவுதான்.

இந்தத் தப்பு கண்ணில் படாததற்குக் காரணம் இருக்கிறது. 8,000, 3,000, 14,000 மூன்றையும் கூட்டி 50,000-ஆல் வகுத்தால் சரியாக 50 சதவீதம் வரும். சரிபார்ப்பவர் டிக் போட்டுவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போய்விடுவார். விகிதத்தைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பதால் இது பிடிபடாது. எல்லாத் தவணையும் கட்டிய பிறகு வீட்டில் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். வரம்பு 50 என்றால் 58,000-த்தில் பாதி, அதாவது 29,000 மிஞ்ச வேண்டும். உங்கள் கணக்கில் 33,000 மிஞ்சுகிறது. அதாவது பாதி என்று சொல்லிவிட்டு 57 சதவீதத்தை ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள்.

கிளையில் கொடுத்த எக்செல் தாளில் C4 கையில் வரும் சம்பளம், C9 சொசைட்டி, C10 பைக். இருந்த சூத்திரம் முதல் வரி, இருக்க வேண்டியது இரண்டாவது:

```
=C4*0.5-C9-C10
=(C4+C9)*0.5-C9-C10
```

சரி, எதற்கு வம்பு, சம்பளத்தில் பிடிப்பதைக் கடமையில் காட்டாமலே விட்டால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். அது எதிர்ப்பக்கத் தப்பு. அப்படிப் போட்டால் இ.எம்.ஐ. 22,000 வரும், வீட்டுக்கு 25,000-தான் மிஞ்சும். அதை நான் கேட்கவில்லை.

உங்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். பைக் கடனில் இன்னும் ஏழு தவணைதான் பாக்கி, 21,000-த்துக்குள் முடிந்துவிடும். அதை முன்கூட்டியே அடைத்துவிட்டு வந்தால் இ.எம்.ஐ. வரம்பில் 3,000 கூடும். கடனாகப் பார்த்தால் மூன்று லட்சத்துக்கும் மேல். இவனுக்கு இப்போது தேவைப்படாமல் போகலாம். ஆனால் தகுதி குறைகிறது என்று சொல்லி அனுப்பும் எல்லோரிடமும் இந்த ஒரு வழியையாவது சொல்லியிருக்கலாம்.

அப்புறம், எங்கள் சங்கக்காரர்கள் பக்கத்துக் கோளாறும் உண்டு. சம்பளச் சீட்டில் 'சொசைட்டி' என்று ஒரே வரியில் போட்டுவிடுவோம். சில பேருக்கு அதில் மாதச் சிக்கனச் சேமிப்பும் கலந்திருக்கும். அது கடன் இல்லை. இவனுடைய 8,000 முழுக்கக் கடன்தான் என்று சங்கத்தில் கடிதம் வாங்கியாகிவிட்டது. கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டோடு அதையும் திங்கட்கிழமை கிளைக்குக் கொண்டுவருகிறான். தாளைப் புதிதாகப் போட்டு, எந்த வருமானத்தை எடுத்தீர்கள் என்பதையும் அதிலேயே எழுதி, ஒரு நகல் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சங்கக் கணக்கர், திருநகர்