படத்துக்கு முன் எடைக்கு இடம் ஒதுக்குங்கள்

ஆசிரியருக்கு,

சிறு பொட்டலங்களில் எடையும் தேதியும் படிக்க முடியாதபடி இருப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். இடம் போதவில்லை என்று தயாரிப்பாளர்கள் கூறுவது பாதி உண்மை. 8 செ.மீ. அகலமும் 10 செ.மீ. உயரமும் உள்ள மசாலாப் பொட்டலத்தில், நான்கு ஓரங்களிலும் ஒரு செ.மீ. ஒட்டுப்பகுதிக்குப் போனால், மிஞ்சுவது 6க்கு 8 செ.மீ.; அதாவது முகப்பில் 60 விழுக்காடு. அதையும் படமே நிரப்பிவிட, நிகர எடை மிளகாயின் சிவப்பின்மேல் கறுப்பாக அமுங்கிவிடுகிறது. தேதியோ ஒட்டின் வரிகளில் விழுந்து சிதைகிறது.

அச்சகத்தில் லேபிள் வடிவமைப்பவன் என்ற முறையில் நான் காண்பது, வாடிக்கையாளர்கள் கணினித் திரையில் பலமடங்கு பெரிதாக்கிய வடிவத்தைப் பார்த்தே ஒப்புதல் தருகிறார்கள் என்பதுதான். (திரையில் எந்த எழுத்தும் அழகுதான்.) எனவே முகப்பின் அடியில் ஒரு வெள்ளைப் பட்டையை எடைக்கும், பின்புறம் ஒட்டுக்கு உள்ளே ஒரு வெற்றுக் கட்டத்தைத் தேதிக்கும் முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியைப் படத்துக்குத் தரலாம். விதைப் பொட்டலமானால் அக்கட்டத்தில் முளைப்புத்திறனும் சோதனைத் தேதியும் சேரவேண்டும். ஒப்புதலுக்குமுன் உண்மை அளவில் தாளில் அச்சிட்டு, கை நீட்டிய தூரத்தில் வைத்துப் படித்துப் பார்ப்பதை அச்சகங்கள் வழக்கமாக்க வேண்டும்.

– ஒரு வாசகர்