உருளைக்கிழங்கு கருகலுக்குக் காரணம் பூஞ்சை இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் உங்க பேப்பர்ல உருளைக்கிழங்கு பின் கருகல் நோய் பத்தின கட்டுரைய படிச்சேன், அதுல ரெண்டு மூணு இடத்துல "பூஞ்சை"ன்னே போட்டிருந்தீங்க. பேருதானேன்னு விட முடியல, ஏன்னா ஊட்டில எங்க சித்தப்பா இந்த ஒரு வார்த்தைய நம்பித்தான் பாதிக் காட்டை இழந்தாரு.

ஜூலை மழைல செடி ஓரமா கருக ஆரம்பிச்சதும், கடைல "பூஞ்சைக்கு நல்லா கேக்கும்"னு ஹெக்ஸகோனசோல் குடுத்திருக்காங்க. பத்து நாள் இடைவெளில ரெண்டு தடவ அடிச்சாரு, கருகல் நிக்கவே இல்ல. நான் இங்க சிங்கப்பூர்ல பயாலஜி டீச்சர், லீவுக்குப் போயிருந்தப்ப காலைல பனி காயறதுக்குள்ள ஒரு இலைய திருப்பிப் பாத்தேன், கருப்பு திட்டோட விளிம்ப சுத்தி அடிப்பக்கம் மாவு தூவின மாதிரி வெள்ளையா மெல்லிசா படர்ந்திருந்துச்சு. வெயில் ஏறினா அது தெரியவே தெரியாது.

அது ஃபைட்டாப்தொரா இன்ஃபெஸ்டன்ஸ், 1845ல அயர்லாந்து பஞ்சத்துக்குக் காரணமான அதே கிருமி. பாக்க பூஞ்சை மாதிரி நூல் நூலா வளரும், ஆனா ஊமைசீட்னு வேற கூட்டம், கடல்ல இருக்கற பழுப்புப் பாசிதான் அதுக்குக் கிட்டத்து சொந்தம். நிஜப் பூஞ்சைக்கு செல் சவ்வு கட்ட எர்கோஸ்டெரால்னு ஸ்டெரால் வகைக் கொழுப்பு ஒண்ணு வேணும், ஹெக்ஸகோனசோல் தடுக்கறது அத தயாரிக்கற வேலையத்தான். இந்தக் கிருமியோ ஸ்டெரால் தயாரிக்கறதே கிடையாது, செடிகிட்டேர்ந்து எடுத்துக்கும், அப்போ இல்லாத வேலைய மருந்து எப்படி தடுக்கும்?

செல் சுவரும் அப்படித்தான், பூஞ்சைக்கு கைட்டின்னா இதுக்கு முக்கியமா செல்லுலோஸும் அது மாதிரி குளுக்கன்களும். அந்த செல்லுலோஸ் தயாரிப்பத் தடுக்கற மாண்டிப்ரோபமிட்னு மருந்தே இருக்கு. மாங்கோசெப்பும் கேக்கும், ஆனா அது இலை மேல மட்டும் நிக்கிற மருந்து, கிருமி உள்ள நுழையறதுக்கு முன்னாடியே அடிச்சிருக்கணும். மெட்டலாக்ஸில் உள்ள போய் வேலை செய்யும், ஆனா பல ஊர்ல கிருமி அதுக்குப் பழகிடுச்சு, அதனால தனியா அடிக்காம மாங்கோசெப்போட கலந்து அடிக்கறாங்க.

இன்னொன்னு, இது நீந்தும். குளிர்ச்சியா ஈரமா இருந்தா, பன்னெண்டு டிகிரி கிட்ட, ஒரு வித்துப்பை வெடிச்சு பல குட்டி வித்துக்கள் வெளிய வரும், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வால், இலை மேல நிக்கிற தண்ணிப் படலத்துலயே நீந்திப் போய் ஒட்டிக்கும். கருகலத் தர்ற நிஜப் பூஞ்சைங்க எதுவும் இப்படி வால் வச்சு நீந்தாது. மழைத் தண்ணியோட மண்ணுக்குள்ள எறங்கி கிழங்கையும் புடிக்கும், அறுத்தா தோலுக்கு அடியில செம்பழுப்பா சொரசொரன்னு இருக்கும், சித்தப்பா மூட்டை கட்டினதுல நெறைய அப்படித்தான் அழுகிப்போச்சு.

அடுத்த தடவை எழுதும்போது "பூஞ்சை போன்ற ஊமைசீட்"னு போடுங்க, உங்க பேப்பர் ஊர்லயும் நெட்ல படிக்கறாங்க.

ஒரு வாசகி,
ஈசூன்