மாத்திரையைத் தொடங்கும் நண்பனுக்கு

கொழிஞ்சாம்பாறை,
மார்கழி 20

அன்புள்ள சுந்தரம்,

நகரியில் மருத்துவர் தெலுங்கில் சொன்னதில் பாதி மறந்துவிட்டது என்றும், டப்பாவுக்குள் இருந்த ஆங்கிலத் தாளில் பக்கவிளைவுகளைப் படித்ததிலிருந்து மனச்சோர்வுக்குத் தரும் எஸ்சிட்டாலோபிராம் மாத்திரையை விழுங்கவே அச்சமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். 30 ஆண்டுகள் மருந்துக் கடையில் நின்றவன் நான். என் தங்கை இதே மாத்திரையைச் சாப்பிட்டபோது உடனிருந்து பார்த்தவனும்கூட.

அவளுக்கு முதல் வாரம் 5 மில்லிகிராம், பிறகு 10 கொடுத்தார்கள். இரண்டாம் நாளே குமட்டலும் வயிற்றுப்போக்கும் வந்தன. உறக்கம் கெட்டு ஒரு படபடப்பும் சேர்ந்துகொள்ள, ஒன்பதாம் நாள் நிறுத்திவிடத் துணிந்தாள். இந்த மாத்திரை செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் வழியே வேலை செய்கிறது; அது மூளையைவிடக் குடலில்தான் மிகுதி என்பதால் வயிறு முதலில் முரண்டுகிறது. மூளை அந்த மாற்றத்துக்குப் பழகி நோய் தணியச் சில வாரங்கள் ஆகும். ஆகவே தொல்லை முன்னும் பயன் பின்னுமாக வருவதே இந்த மருந்தின் இயல்பு. சாப்பாட்டுக்குப் பின் மாத்திரையை எடுக்கத் தொடங்கிய பிறகு, இரண்டு வாரத்தில் குமட்டல் அடங்கியது. நான்காம் வாரம் அவள் இன்னொரு கரண்டி குழம்பு கேட்டதை நான்தான் கவனித்தேன், அவள் உணரவில்லை. மனம் தெளிய ஏழு வாரம் ஆயிற்று. நான்கு வாரமாகியும் சிறு மாற்றமும் தெரியாவிட்டால் மருத்துவரிடம் சொல். இடையில் இருப்புக்கொள்ளாத தவிப்போ உயிரை விடும் எண்ணமோ வந்தால் அன்றைக்கே சொல்லிவிடு.

உன்னைப் பற்றி எனக்குள்ள கவலை வேறு. நீ இரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறாய். நம் வயதில் இவ்விரண்டும் சேர்ந்தால் இரத்தத்தில் சோடியம் குறையலாம். தலைவலி, தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் ஆகியவை அதன் அடையாளங்கள். முதல் சில வாரங்களுக்குள் ஒருமுறை சோடியம் பரிசோதனை செய்யலாமா என்று மருத்துவரிடம் கேள். முழங்கால் வலிக்கு நீயாக வாங்கும் மாத்திரையையும் அவரிடம் காட்டு. அதனோடு இது சேர்ந்தால் இரைப்பையில் இரத்தக் கசிவு ஏற்படக்கூடும்.

நிறுத்துவதைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும் என்பார்கள். தங்கையோ ஐந்தாம் மாதத்தில், யாரிடமும் சொல்லாமல், ஒரே நாளில் விட்டுவிட்டாள். மூன்றாம் நாள் தலைசுற்றல். கண்ணைத் திருப்பினால் தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோல ஒரு வெட்டு. நோய் திரும்பியதென்று அழுதாள். நோய் திரும்புவது பெரும்பாலும் வாரங்கள் கடந்து மெல்ல நிகழும்; இவ்வளவு விரைவாக, இத்தகைய வெட்டோடு வந்தால் அது மருந்து திடீரென நின்றதன் விளைவு. மருத்துவர் சொற்படி மீண்டும் தொடங்கியதும் இரண்டு நாளில் அது மறைந்தது.

பின்னர் அவர் 10-இலிருந்து 5-க்கும், நான்கு வாரம் கழித்து 2.5-க்கும் இறக்கினார். ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுவது குறைப்பதாகாது, மருந்தின் அளவு ஏறி இறங்கித் தொல்லையே தரும் என்று எச்சரித்தார். சிறிய அளவும் மூளையில் பெரும்பங்கு வேலை செய்வதால், கடைசிப் படிதான் கடினம்; அந்த 2.5-ஐயும் நிறுத்த அவளுக்கு மேலும் ஆறு வாரம் பிடித்தது.

அன்புடன்,
இராமசாமி