குதிகாலுக்கு மேலே வலித்தால் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சிப்ரோஃபிளாக்சசின், லெவோஃபிளாக்சசின், ஆஃப்ளாக்சசின், மாக்ஸிஃபிளாக்சசின், நார்ஃபிளாக்சசின், இப்படிப் பெயர் முடிகிற ஆண்டிபயாட்டிக் மாத்திரை எழுதிய சீட்டோடு வந்தால் நம் கடையில் மூன்று கேள்விகள் கேட்கிறோம். வயது 60 தாண்டிவிட்டதா, ஸ்டீராய்டு ஏதாவது சாப்பிடுகிறீர்களா, இந்த வகை மருந்து முன்பு எப்போதாவது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா. "டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டார், நீங்கள் எதற்குக் கேட்கிறீர்கள்" என்று சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். கோபம் நியாயம்தான், காரணத்தை நாங்கள் சரியாகச் சொல்லவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம், இவை மோசமான மருந்துகள் இல்லை. சிறுநீரகம் வரை ஏறிவிட்ட தொற்று, புராஸ்டேட் சுரப்பியில் தொற்று, மற்ற மருந்துகளுக்கு அடங்காத காசநோய், சூடோமோனாஸ் என்ற பிடிவாதமான கிருமி, இதற்கெல்லாம் பல நேரம் இவைதான் சரியான தேர்வு. சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு எதுவும் ஆவதில்லை. ஆனால் ஆகிற சிலருக்கு வருவது வயிற்றுப்போக்கு மாதிரி இரண்டு நாளில் சரியாகிற விஷயம் இல்லை. தசைநாண் அறுந்து மாதக்கணக்கில் நடக்க முடியாமல் போகலாம், கைகால் நரம்பு கெட்டு அது திரும்பாமலே போகலாம். அந்தச் சிலர் யார் என்பது ஓரளவு முன்கூட்டியே தெரியும். கேள்வி கேட்பது அதனால்தான்.

தசைநாண் என்பது தசையை எலும்போடு கட்டியிருக்கிற கயிறு. கெண்டைக்காலிலிருந்து இறங்கிக் குதிகால் எலும்பில் போய்ச் சேருகிறதே, தொட்டால் கெட்டியாக விரலில் படும், அதுதான் உடம்பிலேயே பெரியது. இந்த மருந்தால் அடிபடுவதும் பெரும்பாலும் அதுதான். தோள்பட்டை, கை, கட்டைவிரல் தசைநாண்களிலும் வரலாம். ஏன் வருகிறது என்பதில் இப்போதைய புரிதல் இது: இந்த மருந்துகள் மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் குணம் உள்ளவை, தசைநாணில் இருக்கும் செல்களின் வேலையைக் கெடுக்கின்றன, தசைநாணுக்கு வலுத் தரும் கொலாஜன் என்ற புரதம் புதிதாக உருவாவது குறைகிறது, இருக்கிற கொலாஜனை அரிக்கும் என்சைம்கள் கூடுகின்றன. தசைநாணில் இரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைவு, ஒருமுறை பழுதானால் தானாகத் தேறுவதற்கு ரொம்ப நாளாகும்.

இதோடு ஸ்டீராய்டும் சேர்ந்தால்? ஸ்டீராய்டும் தன் பங்குக்குத் தசைநாணைப் பலவீனமாக்கும். பிரிட்டனில் குடும்ப மருத்துவர்களின் பதிவேடுகளை வைத்து 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் இந்த வகை மருந்தைச் சாப்பிடும்போது குதிகால் தசைநாண் கோளாறு வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு கூடியது, அவர்களே ஸ்டீராய்டும் சேர்த்துச் சாப்பிட்டால் சுமார் ஆறு மடங்கு. மடங்குக் கணக்கு கேட்பதற்குப் பயமாக இருக்கும். அடிப்படையில் இது அபூர்வமாக வருவது என்பதால் ஆறு மடங்கு ஆனாலும் பெரும்பாலானவர்களுக்கு வராது. ஆனாலும் வேறு மருந்து இருக்கும்போது அந்த ஆபத்தை எதற்கு எடுக்க வேண்டும், எங்கள் கேள்வி அவ்வளவுதான்.

ஓர் உதாரணத்தை முழுசாகப் பார்ப்போம். யாருடைய கதையும் இல்லை, கவுண்டருக்கு வருகிற சீட்டுகள் எப்படி இருக்குமோ அப்படி நாங்களே எழுதிக்கொண்டது. 68 வயதுக்காரர், நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி உள்ளவர், சளியும் மூச்சிரைப்பும் கூடிவிட்டது. சீட்டில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு ஐந்து நாளைக்கு, லெவோஃபிளாக்சசின் 500 மி.கி. தினம் ஒன்று ஏழு நாளைக்கு. மூன்றாம் நாள் சளி குறைகிறது, நன்றாக இருக்கிறது. நாலாம் நாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் வலது குதிகாலுக்குக் கொஞ்சம் மேலே, பின்பக்கம், ஒரு விறைப்பும் வலியும். அழுத்தினால் வலிக்கிறது, லேசாகத் தடித்தும் இருக்கிறது. செருப்புத்தான் சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறார். ஐந்தாம் நாள் இடது காலிலும் அதே வலி. கடைக்கு ஆள் அனுப்பி வலி ஜெல்லும் ஒரு வலி மாத்திரையும் வாங்குகிறார், ஆண்டிபயாட்டிக் சாப்பிடுவதைப் பற்றிச் சொல்லவில்லை, சொல்லத் தோன்றவுமில்லை. ஆறாம் நாள் மாடிப்படி ஏறும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி ஓர் அடி, "டப்" என்று சத்தம், அப்புறம் அந்தக் காலில் முன்விரல்களை ஊன்றி எழும்ப முடியவில்லை. அறுந்துவிட்டது.

இதில் தடுக்கக்கூடிய இடம் இரண்டு. ஒன்று, சீட்டு வந்த முதல் நாள். வயது 68, கூடவே ஸ்டீராய்டு, கேள்வி கேட்டிருந்தால் இரண்டுமே கண்ணில் பட்டிருக்கும். அப்போதே டாக்டரைக் கூப்பிட்டால், அந்த நோயாளிக்கு ஒத்துவருமானால் டாக்சிசைக்ளினோ அமாக்சிசிலினோ மாற்றி எழுதியிருக்கலாம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்றும் கேட்டிருக்கலாம், ஏனென்றால் லெவோஃபிளாக்சசின் பெரும்பாலும் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது, வயதானவர்களுக்குச் சிறுநீரகம் மெதுவாக வேலை செய்தால் மருந்து உடம்பில் தேங்கும், அளவைக் குறைக்க வேண்டிவரும். இரண்டாவது இடம், நாலாம் நாள் காலை. அந்த வலி ஓர் எச்சரிக்கை. அன்றைக்கே அடுத்த மாத்திரையைப் போடாமல் டாக்டரைக் கூப்பிட்டு, காலுக்கு ஓய்வு கொடுத்திருந்தால் அறுந்துபோகும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்திருக்கும்.

எனவே இந்த மாத்திரை சாப்பிடும்போது எந்த மூட்டுப் பக்கம், தசைநாண் பக்கம் புதிதாக வலியோ வீக்கமோ வந்தாலும் மாத்திரையை நிறுத்துங்கள், அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். நிறுத்திவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள், தொற்று அப்படியேதான் இருக்கும், அதற்கு வேறு மருந்து வேண்டும். அந்த இடத்தைப் பிசைந்து தேய்ப்பது, வலியைப் போக்க நீட்டி மடக்கிப் பயிற்சி செய்வது, இரண்டுமே வேண்டாம். அந்தத் தசைநாணில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வது கட்டாயம் வேண்டாம். வலி மாத்திரையிலும் ஒரு சிக்கல்: ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகள் இந்த ஆண்டிபயாட்டிக்கோடு சேர்ந்தால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும், அது போக வலியை மறைத்துவிட்டால் நீங்கள் பழையபடி நடக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

இன்னொன்று, மாத்திரை முடிந்துவிட்டது என்பதால் கதை முடிந்துவிடவில்லை. இந்த வலி முதல் மாத்திரையிலிருந்து 48 மணி நேரத்துக்குள்ளும் வரலாம், கோர்ஸ் முடிந்து பல மாதம் கழித்தும் வரலாம். இரண்டு மாதத்துக்கு முன் சாப்பிட்டதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை, அதனால் குதிகால் வலிக்கு எங்கு போனாலும் "இடையில் இன்ன ஆண்டிபயாட்டிக் சாப்பிட்டேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். ஓட்டம், எடை தூக்குவது, கடினமான பயிற்சி செய்கிறவர்கள் மருந்து சாப்பிடும் நாட்களிலும் அதன் பின் கொஞ்ச நாளும் அடக்கி வாசியுங்கள். வயது 30 ஆனாலும் சரி.

நரம்பு விஷயம் கொஞ்சம் வேறு. பாதத்திலோ கையிலோ எரிச்சல், ஊசி குத்துவது, மரத்துப்போவது, சூடு குளிர் சரியாகத் தெரியாமல் போவது, பலவீனம், இவை மாத்திரை ஆரம்பித்த சில நாட்களிலேயே வரலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல் தசைநாணுக்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை இந்த மருந்துகளின் மேல் போட வைத்தது, 2013-இல் நரம்புப் பாதிப்பு நிரந்தரமாகலாம் என்பதையும் எச்சரித்தது. சர்க்கரை உள்ளவர்கள்தான் இங்கே அதிகம் ஏமாறுகிறார்கள், "எனக்குக் கால் எரிச்சல் எப்போதும் உண்டு" என்று விட்டுவிடுகிறார்கள். சர்க்கரையால் வருவது பொதுவாக மாதக்கணக்கில், வருடக்கணக்கில், பாதத்திலிருந்து மெல்ல மேலேறும். திடீரென்று இந்த வாரம் கூடியது, கையிலும் வந்தது என்றால் மருந்தைச் சந்தேகியுங்கள், நிறுத்திவிட்டு டாக்டரிடம் பேசுங்கள். ஏற்கெனவே நரம்புப் பாதிப்பு இருக்கிறது என்றால் அதை ஆரம்பத்திலேயே சொல்வது நல்லது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இந்த மருந்து சர்க்கரையை அபாயமான அளவுக்குக் கீழே இறக்கவும் கூடும், அதுவும் நினைவில் இருக்கட்டும்.

சரி, யாருக்கு வேண்டாம்? இந்த வகையில் ஏதாவது ஒரு மாத்திரையால் முன்பு தசைநாணோ நரம்போ பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்தக் குடும்பமே வேண்டாம், சிப்ரோவுக்குப் பதில் லெவோ என்று மாற்றிக்கொள்வது மாற்றமே இல்லை. மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைச் சோர்வு நோய் உள்ளவர்களுக்கு வேண்டாம், மூச்சு விடவே சிரமமாகிவிடலாம். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக்குழாயான மகாதமனியில் வீக்கம் இருப்பதாகச் சொல்லப்பட்டவர்களுக்கும் வேறு வழியே இல்லாவிட்டால் ஒழிய வேண்டாம். 60 தாண்டியவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள், சிறுநீரகம், இதயம், நுரையீரல் மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், முடக்குவாதம் உள்ளவர்கள், இவர்களுக்கு "கூடவே கூடாது" என்பதில்லை, ஆனால் வேறு மருந்து இல்லையா என்று ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

சாதாரண சைனஸ் தொற்று, மூச்சுக்குழாய் அழற்சி கூடுவது, சிக்கல் இல்லாத நீர்க்கடுப்பு, இந்த மூன்றுக்கும் வேறு மருந்து இருக்கும்போது இவற்றைத் தர வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் சொன்னது. பிரிட்டன் 2024 ஜனவரியில் இன்னும் இறுக்கியது, வழக்கமான மற்ற ஆண்டிபயாட்டிக்குகள் பொருந்தாதபோது மட்டும் என்று. போன வருடம் மிஞ்சிய அரை அட்டையை வைத்துச் சளிக்குப் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று நாங்கள் கத்துவதும், பழைய சீட்டைக் காட்டினால் இந்த மாத்திரையைத் தர மறுப்பதும் இதனால்தான். வியாபாரம் போகும், போகட்டும்.

கண்ணுக்கும் காதுக்கும் போடுகிற சொட்டு மருந்திலும் இதே பெயர்கள் இருக்கும். அதிலிருந்து இரத்தத்தில் சேருவது மிகக் குறைவு, அதற்காகப் பயந்து பாதியில் நிறுத்த வேண்டாம். முன்பு பாதிப்பு வந்தவர் என்றால் மட்டும் சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை வரும்போது வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். தசை இறுக்கத்துக்குத் தருகிற டிசானிடின் அதில் இருந்தால் சிப்ரோஃபிளாக்சசினோடு சேரவே கூடாது, இரத்த அழுத்தம் சரிந்துவிடும், அதை நாங்கள் பார்த்துச் சொல்லிவிடுகிறோம். முன்பு ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயர் நினைவில்லை என்றால் எந்த வருடம், எந்த நோய்க்கு என்று சொல்லுங்கள், நம் கடையில் வாங்கியதாக இருந்தால் பில்லைத் தேடி எடுத்து உங்கள் கணக்கில் குறித்துவைக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மருந்துக் கடை